ஆப்பை அழித்தாலும் பணம் போகும்: ஃபயர் டிவியில் சந்தாவைத் தேடி நிறுத்துவதும், வாடகைப் படத்துக்குப் பூட்டுப் போடுவதும்

மே மாதம் 16-ம் தேதி காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. வங்கியிலிருந்து அவளுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது: நாளை உங்கள் கார்டிலிருந்து 149 ரூபாய் எடுக்கப்படும் என்று.

"அந்தப் பாட்டு ஆப்பைத்தான் மார்ச்லயே டிவியிலேர்ந்து எடுத்துட்டேனே, இன்னும் எதுக்குடா பணம் போகுது?"

கேட்டுப் பார்த்ததில் கதை இதுதான். பிப்ரவரி 10-ம் தேதி, ஹாலில் இருக்கும் டிவியில் குழந்தைப் பாடல்களுக்கான ஆப் ஒன்றை அவள் பையன் திறந்திருக்கிறான். ஏழு நாள் இலவசம் என்று ஒரு பொத்தான். அழுத்திவிட்டான். அக்காவின் போனுக்கு ஓடிபி வந்தது. இலவசம்தானே என்று அவளும் சொல்லிவிட்டாள். 17-ம் தேதி முதல் 149 ரூபாய் போனது. மார்ச் முதல் வாரத்தில் பையனுக்கு ஆப் சலித்துவிட்டது, அக்கா அதை டிவியிலிருந்து நீக்கினாள். ஆனால் மார்ச் 17, ஏப்ரல் 17 என்று பணம் போய்க்கொண்டேதான் இருந்தது. மூன்று மாதத்தில் 447 ரூபாய்.

ஆப்பை நீக்குவதும் சந்தாவை நிறுத்துவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். ஆப் இருப்பது டிவியில். சந்தா இருப்பது அந்த டிவியில் லாகின் செய்திருக்கும் கணக்கில். டிவியை விற்றாலும், ஸ்டிக்கைக் கழற்றி டிராயரில் போட்டாலும், எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தாலும் அந்தக் கணக்கில் சந்தா அப்படியேதான் இருக்கும். இதில் தடுமாறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் அக்கா வீட்டில் அன்று செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். அவளிடம் இருப்பது ஃபயர் டிவி ஸ்டிக். ஃபயர் டிவி உள்ளேயே வரும் டிவிகளுக்கும் இதே வழிதான். மென்பொருள் பதிப்பைப் பொறுத்து மெனுவில் ஓரிரு பெயர்கள் மாறியிருக்கலாம், இடம் பெரிதாக மாறாது.

முதலில், எந்தக் கல்லா?

ஃபயர் டிவியில் மாதாமாதம் போகும் பணம் மூன்று கல்லாக்களில் ஏதோ ஒன்றில்தான் விழுகிறது. எது என்று தெரியாமல் தேட ஆரம்பித்தால், இல்லாத இடத்தில் அரை மணி நேரம் தேடுவோம்.

ஒன்று, டிவியின் ஆப் ஸ்டோர், அதாவது அமேசான் ஆப்ஸ்டோர். ஆப்புக்குள் சந்தா பொத்தானை ரிமோட்டால் அழுத்தி, அமேசான் கணக்கிலிருந்தே பணம் கட்டியிருந்தால் அது இங்கே இருக்கும்.

இரண்டு, பிரைம் வீடியோவுக்குள் கூடுதலாகச் சேர்க்கும் சேனல்கள். பிரைம் சந்தா இருந்தாலும் இவற்றுக்குத் தனிப் பணம். இதுவும் அமேசானுக்குத்தான் போகிறது, ஆனால் பட்டியல் வேறு இடத்தில் இருக்கிறது.

மூன்று, நேரடிச் சந்தா. அந்த நிறுவனத்தின் இணையதளத்திலோ போன் ஆப்பிலோ பணம் கட்டிவிட்டு, டிவியில் வெறுமனே லாகின் செய்திருப்போம். இதை டிவியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும். மொபைல் ரீசார்ஜோடு இலவசமாக வந்ததாக இருந்தால் நிறுத்துவதற்கே ஒன்றும் இருக்காது, பேக் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும்.

கல்லாவைக் கண்டுபிடிக்க நல்ல துப்பு வங்கியின் எஸ்எம்எஸ். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறையில் இருக்கிறது: கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதாக இருந்தால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அதில் யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, என்றைக்கு என்று இருக்கும். அக்காவுக்கு வந்ததும் இதுதான். மார்ச்சிலும் ஏப்ரலிலும்கூட வந்திருக்கிறது, விளம்பரம் என்று நினைத்து அவள் திறக்கவே இல்லை.

அந்த எஸ்எம்எஸ்ஸில் அமேசான் பெயர் இருந்தால் முதல் இரண்டு கல்லாக்களில் ஒன்று. ஆப்பின் நிறுவனப் பெயரே இருந்தால் மூன்றாவது. அக்காவுக்கு வந்ததில் அமேசான் பெயர் இருந்தது, ஆனால் எந்த ஆப்புக்கு என்று இல்லை. எந்த ஆப் என்பதை மின்னஞ்சலில் பார்க்கலாம். ஒவ்வொரு முறை பணம் எடுத்ததும் ரசீது அங்கே வந்திருக்கும். டிஜிட்டல் ஆர்டர்களின் எண் `D01-` என்று தொடங்கும். மின்னஞ்சலில் அதைத் தேடினால், ஆப்ஸ்டோரில் வாங்கியதும் வாடகைக்கு எடுத்த படங்களும் ஒரே தேடலில் வந்து விழும். அக்காவின் மின்னஞ்சலில் மூன்று ரசீதுகள் கிடைத்தன, மூன்றிலும் அந்தப் பாட்டு ஆப்பின் பெயர் இருந்தது. அப்படியானால் முதல் கல்லா.

ரசீது எதுவுமே கிடைக்கவில்லையா? அப்போது டிவியில் இருப்பது நீங்கள் நினைக்கும் கணக்கு இல்லை.

டிவியில் யாருடைய கணக்கு இருக்கிறது?

இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஸ்டிக்கை வாங்கி மாட்டிக் கொடுத்தது மருமகனாக இருக்கும், லாகின் அவருடையதாக இருக்கும். அல்லது அமெரிக்காவில் இருக்கும் மகன் தன் கணக்கையே அம்மா வீட்டு டிவியில் போட்டிருப்பார். அப்படியானால் ரசீது அவர் மின்னஞ்சலுக்குத்தான் போகும், பணமும் அவர் கார்டிலிருந்துதான் போகும். `amazon.in`-ல் தேடினால் ஒன்றும் இருக்காது, `amazon.com`-ல் பார்க்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்தியக் கார்டு என்றால் முதல்முறை ஓடிபி கேட்கும். வெளிநாட்டுக் கார்டுக்குப் பெரும்பாலும் அதுவும் கேட்காது. பொத்தானை அழுத்தினால் பணம் போனதுதான். அப்படிப்பட்ட வீட்டில், பின்னால் சொல்லப்போகும் பின் நம்பர் இன்னும் அவசரம்.

டிவியில் பார்ப்பது எளிது. முகப்பில் வலது ஓரத்தில் பல்சக்கரம் போன்ற படம் இருக்கும், அதுதான் அமைப்புகள். அதற்குள் `Account & Profile Settings`, பழைய பதிப்புகளில் `My Account`. அங்கே கணக்கு வைத்திருப்பவரின் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர்தான் இனி வரும் எல்லாவற்றையும் செய்ய வேண்டும், அல்லது பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆப்ஸ்டோர் சந்தாவை நிறுத்துதல்

டிவியிலேயே செய்யலாம். ரிமோட்டை எடுத்து இந்த வழியில் போங்கள்:

`Settings` → `Applications` → `Appstore` → `Manage My Subscriptions`

`Applications` என்பதற்குள் போனதும் டிவியில் இருக்கும் ஆப்களின் பட்டியல் ஒன்றும் தெரியும், `Manage Installed Applications` என்று. பலர் அதற்குள் போய் ஆப்பைத் தேடுவார்கள். அது ஆப்பை நீக்கும் இடம், சந்தாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அக்காவும் மார்ச்சில் அங்கேதான் போயிருக்கிறாள். நமக்கு வேண்டியது `Appstore` என்ற வரி.

`Manage My Subscriptions` திறந்தால், ஆப் டிவியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிரோடு இருக்கும் சந்தாக்கள் வரும். அக்கா வீட்டில் மார்ச்சிலேயே நீக்கிய அந்தப் பாட்டு ஆப் அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது, அடுத்த கட்டணத் தேதி மே 17 என்று. அதைத் தேர்ந்தெடுத்து, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். `Turn off auto-renewal` என்பது அதன் பெயர். இங்கே ஒரு கேள்வி மீண்டும் வரும், உறுதியாகத்தானா என்று. அதற்கும் ஆமாம் என்று அழுத்தினால்தான் வேலை முடியும். பாதியில் `Back` அழுத்திவிட்டு முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

டிவியில் எழுத்து தெளிவாக இல்லை, ரிமோட் படுத்துகிறது என்றால் கணினியிலோ போனின் பிரவுசரிலோ செய்யலாம். எனக்கு இதுதான் பிடித்த வழி, எல்லாம் ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும். அமேசான் தளத்தில் அதே கணக்கில் லாகின் செய்து, கணக்குப் பகுதியில் `Memberships & Subscriptions` என்பதைத் திறக்க வேண்டும். பிரைம் சந்தா, ஆப் சந்தா என்று எல்லாம் வரிசையாக இருக்கும். தேவையில்லாததன் பக்கத்தில் இருக்கும் மேலாண்மைப் பொத்தானை அழுத்தி, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். அமேசான் ஆப்ஸ்டோர் ஆண்ட்ராய்டு போன்களில் 2025 ஆகஸ்ட் 20-ம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் போனில் அந்த ஸ்டோர் ஆப்பைத் தேடி அலைய வேண்டாம். ஃபயர் டிவியிலும் இணையதளத்திலும் எப்போதும்போல இருக்கிறது.

நிறுத்தியது உண்மையிலேயே நின்றதா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள். சந்தாப் பக்கத்தில் முன்பு அடுத்த கட்டணத் தேதி இருந்த இடத்தில், இப்போது இந்தத் தேதியோடு முடிகிறது என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். அப்புறம் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தும் கடிதம் வர வேண்டும். அதை அழிக்காதீர்கள். அடுத்த மாதம் பணம் போனால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

நிறுத்தியவுடன் ஆப் பூட்டிக்கொள்ளாது. ஏற்கெனவே பணம் கட்டிய காலம் முடியும்வரை பொதுவாக வேலை செய்யும். அதனால் கடைசி நாள்வரை காத்திருந்து நிறுத்துவதில் லாபம் எதுவும் இல்லை, ஆபத்துதான் உண்டு. அக்காவுக்கு ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது, 16-ம் தேதி காலையிலேயே செய்துவிட்டோம், 17-ம் தேதி பணம் போகவில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் இன்னொரு 149.

பிரைம் வீடியோ சேனல் என்றால்

மேலே சொன்ன இரண்டு இடங்களிலும் தேடியும் கிடைக்கவில்லை, ஆனால் ரசீதில் அமேசான் பெயர் இருக்கிறது என்றால், அது இரண்டாவது கல்லா. `primevideo.com` தளத்தில் லாகின் செய்து, `Account & Settings` திறந்து, சேனல்களுக்கான தாவலுக்குப் போங்கள். `Channels` அல்லது `Subscriptions` என்று பெயர் இருக்கும். சேர்த்திருக்கும் சேனல்கள் ஒவ்வொன்றும் புதுப்பிக்கும் தேதியோடு அங்கே தெரியும். ரத்து செய்யும் முறை அதேதான்.

இங்கே குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. ஒரே நிறுவனத்தின் படங்களை அதன் தனி ஆப்பிலும் பார்க்கலாம், பிரைம் வீடியோவுக்குள் சேனலாகவும் பார்க்கலாம். ஒரே வீட்டில் அப்பா ஒரு வழியிலும் மகள் இன்னொரு வழியிலுமாக இரண்டு சந்தா கட்டிக்கொண்டிருப்பதும் நடக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று நிற்காது.

வங்கியில் நிறுத்தினால் போதாதா?

போதாது. வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ தானியங்கி அனுமதியை ரத்து செய்யலாம், யுபிஐ வழியாகக் கொடுத்திருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியில் ரத்து செய்யலாம். ஆனால் அது அந்த ஒரு குழாயை அடைப்பது மட்டும்தான். சந்தா அமேசான் கணக்கில் உயிரோடு இருக்கும், பணம் வரவில்லை என்று மின்னஞ்சல் வரும், கணக்கில் வேறு கார்டு சேமித்திருந்தால் அதிலிருந்து எடுக்கவும் முயலலாம். முதலில் சந்தாவை நிறுத்திவிட்டு, பிறகு இனி அந்தக் கார்டு அங்கே தேவையில்லை என்றால் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். இந்த வரிசை மாறாமல் இருப்பது நல்லது. டிவியில் யாருடைய கணக்கு என்றே கண்டுபிடிக்க முடியாத நிலையில், நாளைக்குப் பணம் போகப்போகிறது என்றால் மட்டும் வங்கி வழியை முதலில் பிடிக்கலாம்.

ஏற்கெனவே போன பணம் திரும்ப வருமா? அக்கா கேட்டதும் இதைத்தான். நிறுத்துவது எதிர்காலத்துக்கு மட்டும்தான், போன மாதங்களின் பணம் அதுவாகத் திரும்பி வராது. கடைசியாகப் போனது சில நாட்களுக்குள்தான், ஆப்பைத் திறக்கவே இல்லை என்றால் வாடிக்கையாளர் சேவையில் ரசீது எண்ணோடு கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவர்களுடைய எண்ணைக் கூகுளில் தேடி, வரும் முதல் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். போலி உதவி மைய எண்களை வைத்து ஏமாற்றுவது நம் ஊரில் நிறைய நடக்கிறது. அமேசான் தளத்திலேயே லாகின் செய்து, உதவிப் பகுதி வழியாகப் பேசுங்கள். ஓடிபி கேட்டாலோ, போனில் ஏதாவது ஆப் போடச் சொன்னாலோ உடனே வைத்துவிடுங்கள்.

இனி நடக்காமல் இருக்க: பின் நம்பர்

சந்தாவை நிறுத்தியது பாதி வேலை. அந்தப் பையன் நாளைக்கு வேறொரு பொத்தானை அழுத்துவான். பையன் மட்டும் இல்லை, அம்மாவும் அழுத்துவார்கள். 2022 ஏப்ரலில் பிரைம் வீடியோ இந்தியாவில் படங்களை வாடகைக்கும் கொடுக்கத் தொடங்கியது. பிரைம் சந்தாவில் இலவசமாக வரும் படமும், தனியாகப் பணம் கட்ட வேண்டிய படமும் ஒரே திரையில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிரைமுக்குத்தான் பணம் கட்டியாயிற்றே என்று நினைத்து அழுத்துவது இயல்பு.

வேறுபாட்டுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. பிரைமோடு சேர்ந்து வரும் படத்தில் நீல நிறத்தில் சரி குறி இருக்கும். பணம் கட்ட வேண்டிய படத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கடைப்பை இருக்கும். இங்கிலீஷ் படிக்க வராத பெரியவர்களுக்கு இதைக் காட்டிக் கொடுத்தால் போதும். "மஞ்சப் பை இருந்தா தொடாதீங்கம்மா, அது காசு" என்று அக்கா எங்கள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஆனாலும் பூட்டு வேண்டும். வழி இது:

`Settings` → `Preferences` → `Parental Controls`

இதை இயக்கினால் ஐந்து இலக்கப் பின் நம்பர் கேட்கும். முன்பே பிரைம் வீடியோவில் பின் வைத்திருந்தால் அதைக் கேட்கலாம். `12345`, `00000` வேண்டாம், ஏழு வயதுப் பையன் முதலில் முயல்வது அதைத்தான். கதவு எண், வண்டி எண் போல ஹாலில் உட்கார்ந்தபடியே ஊகிக்கக்கூடியதும் வேண்டாம். போடும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, பெரிய திரையில் நீங்கள் எங்கே நகர்த்துகிறீர்கள் என்று அவர்கள் நன்றாகப் பார்ப்பார்கள்.

பின் வைத்ததும் சில தேர்வுகள் தெரியும். நமக்கு முக்கியமானது `PIN-Protect Purchases`. இது `ON` என்று இருக்க வேண்டும். படம் வாடகைக்கு எடுப்பதும் வாங்குவதும் இதற்குள் வரும். `PIN-Protect App Launches` என்று இன்னொன்று இருக்கும். அது ஒவ்வொரு ஆப்பைத் திறக்கும்போதும் பின் கேட்கும். அதை நான் அணைத்துவைப்பேன். நாளுக்குப் பத்து முறை பின் கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் வரும், கடைசியில் யாராவது பின்னையே பையனிடம் சொல்லிவிடுவார்கள். பணம் போகும் இடத்தில் மட்டும் கேட்கட்டும்.

பின் நம்பரோடு இரண்டாவது பூட்டு ஒன்றும் போடலாம். மறுபடி `Settings` → `Applications` → `Appstore` போனால் `In-App Purchases` என்று ஒரு வரி இருக்கும். அதை அணைத்துவிட்டால் ஆப்களுக்குள் இருந்து எதையும் வாங்க முடியாது. அக்கா வீட்டில் நடந்த சந்தா இந்த வழியாகத்தான் வந்தது. டிவியில் ஆப் வழியாக எதையும் வாங்கும் எண்ணமே இல்லை என்றால், இது அணைந்தே இருக்கட்டும். தேவைப்படும் நாளில் ஒரு நிமிடம் இயக்கிக்கொள்ளலாம்.

இங்கே முக்கியமான ஒன்றைப் பலர் விட்டுவிடுவார்கள். இந்த அமைப்பு அந்த ஒரு ஸ்டிக்குக்கு மட்டும்தான். ஹால் டிவியில் வைத்த பூட்டு படுக்கையறை டிவியைக் காக்காது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். அதே கணக்கில் போனிலும் கணினியிலும் பிரைம் வீடியோ பார்த்தால், `primevideo.com` தளத்தின் `Account & Settings` பகுதியில் `Parental Controls` தாவலுக்குப் போய், `Purchase Restrictions` என்பதை அங்கேயும் இயக்குங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. டிவியில் டிவியின் அமைப்பு, மற்ற இடங்களில் தளத்தின் அமைப்பு.

முடித்ததும் சோதித்துப் பாருங்கள். மஞ்சள் பை உள்ள, விலை குறைந்த ஒரு படத்தைத் திறந்து வாடகைப் பொத்தானை அழுத்தினால், பின் கேட்கும் திரை வர வேண்டும். வந்ததும் `Back`. அப்படி வராமல் விலையை உறுதிசெய்யும் திரை வந்தால் அப்போதும் `Back`, பூட்டு சரியாக விழவில்லை என்று பொருள், மறுபடி `Parental Controls` போய்ப் பாருங்கள். பின் மறந்துவிட்டால் பிரைம் வீடியோ தளத்தில் அதே `Parental Controls` தாவலில் கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டு மாற்றலாம். அதனால் அமேசான் கடவுச்சொல் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால், பின் நம்பர் வைத்தும் பயனில்லை.

அமேசான் பே பேலன்ஸில் பணம் போட்டு வைக்கும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேலன்ஸிலிருந்து போகும்போது பொதுவாக ஓடிபி கேட்பதில்லை. கார்டு என்றால் ஓடிபி வரும்போதாவது யாராவது விழித்துக்கொள்வார்கள், பேலன்ஸில் அந்தத் தடை கிடையாது. அங்கே இருக்கும் ஒரே பூட்டு இந்தப் பின் நம்பர்தான்.

தவறுதலாக வாடகைக்கு எடுத்துவிட்டால்

முதல் விதி: படத்தை ஓட விடாதீர்கள். வாடகைப் படத்தைத் தொடங்க வழக்கமாக 30 நாள் அவகாசம் உண்டு, தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டும். ஓடத் தொடங்காதவரை அந்த ஆர்டரை ரத்து செய்யக் கேட்க வழி இருக்கிறது. ஓடிவிட்டால் பார்த்ததாகத்தான் கணக்கு. ஆகவே பணம் போன எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும், "என்ன படம்னு பாப்போம்" என்று `Play` அழுத்தாதீர்கள். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கே அமேசான் தளத்தில் `Your Orders` போய், `Digital Orders` தாவலில் அந்த ஆர்டரைத் திறந்து, ரத்து செய்யும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே உதவிப் பகுதியில் பேசுங்கள். `D01-` என்று தொடங்கும் அந்த எண்ணைக் கொடுத்து, தவறுதலாக எடுத்தது, இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும். தள்ளிப்போடப் போட வாய்ப்புக் குறையும்.

கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி வைத்திருப்பவர்களுக்கு

தத்துவம் அதேதான், கல்லா மட்டும் வேறு. டிவியில் கூகுள் பிளே வழியாகக் கட்டிய சந்தாவைப் போனிலேயே நிறுத்தலாம். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் உங்கள் படத்தை அழுத்தி, `Payments & subscriptions`, அதற்குள் `Subscriptions`. இங்கேயும் மாட்டிக்கொள்ளும் இடம் கணக்குதான். டிவியில் ஒரு ஜிமெயில், போனில் வேறு ஜிமெயில் என்றால் பட்டியல் காலியாக இருக்கும். அதே படத்தை அழுத்தி, டிவியில் இருக்கும் ஜிமெயிலுக்கு மாறிக்கொண்டு பாருங்கள். போனில் அந்த ஜிமெயில் இல்லையென்றால் பிரவுசரில் அந்தக் கணக்கில் லாகின் செய்து `play.google.com/store/account/subscriptions` என்ற முகவரியில் பார்க்கலாம்.

அக்கா வீட்டில் அன்று இதையெல்லாம் முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம், ஸ்டிக்கில் இருந்தது மாமாவின் கணக்கா அக்காவின் கணக்கா என்று கண்டுபிடிப்பதிலேயே போனது. கிளம்பும் முன் படுக்கையறை டிவியையும் போட்டுப் பார்த்தேன். அங்கே பின் நம்பர் இல்லை. அதிலும் வைத்துவிட்டு, அந்த ஐந்து எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை மடித்து, சமையலறையில் ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவுக்குள் வைத்தாள்.